கிராமர் விதியும் சேர்ப்பு அணியும்: மூன்று மாறிகள் வரை எப்படிப் போடுவது, எங்கே நிறுத்துவது

நேரியச் சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கக் கிராமர் விதி ஒரு பயிற்சியிலும் நேர்மாறு அணி முறை இன்னொரு பயிற்சியிலும் வருவதால், இரண்டும் வேறு வேறு முறைகள் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டிலும் நடப்பது ஒரே கணக்கு. அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் எந்த இடத்தில் எதை எடுப்பது, எங்கே இரண்டையுமே விட்டுவிடுவது என்பது தெளிவாகிவிடும். அதற்காக இங்கே முழுக்க ஒரே தொகுப்பையே வைத்துக்கொள்வோம்.

```
2x +  y −  z =  1
 x + 3y + 2z = 13
3x − 2y + 4z = 11
```

## எழுதி வைக்கும் விதம்

மாறிகள் எல்லாச் சமன்பாட்டிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மாறிலி வலப்பக்கம் தனியாக இருக்க வேண்டும். ஒரு சமன்பாட்டில் ஏதேனும் மாறி இல்லையென்றால் அதன் இடத்தில் 0 போட வேண்டும். இதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் விடை தப்பாக வரும் தாள்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே தடம் மாறியவை. 4 − z = 2x என்பது போல் கொடுத்திருந்தால் முதலில் 2x + 0y + z = 4 என்று மாற்றி எழுதிவிட்டுத்தான் அணிக்குப் போக வேண்டும்.

```
     |  2   1  −1 |        |  1 |
A =  |  1   3   2 |   b =  | 13 |
     |  3  −2   4 |        | 11 |
```

## முதலில் Δ

முதல் வேலை A-இன் அணிக்கோவை. முதல் நிரை வழியாக விரிப்போம். ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் நிரையையும் நிரலையும் மறைத்துவிட்டு, மிஞ்சும் 2×2 அணிக்கோவையால் பெருக்குகிறோம். குறிகள் +, −, + என்று மாறி மாறி வரும்.

```
Δ = 2(3·4 − 2·(−2)) − 1(1·4 − 2·3) + (−1)(1·(−2) − 3·3)
  = 2(16) − 1(−2) + (−1)(−11)
  = 32 + 2 + 11 = 45
```

இங்கே கவனிக்க வேண்டியது நடு உறுப்பு. அடைப்புக்குள் −2 வந்திருக்கிறது, வெளியே விரிவின் − குறி இருக்கிறது. இரண்டையும் மனத்துக்குள்ளேயே சேர்த்து எழுதப் போனால் ஒரு குறி காணாமல் போகும். அடைப்பின் மதிப்பை அதன் குறியோடு முதலில் எழுதி, அடுத்த வரியில் பெருக்குவதே பாதுகாப்பு.

Δ பூச்சியம் இல்லை என்பதால் இந்தத் தொகுப்புக்கு ஒரே ஒரு தீர்வு உண்டு என்பது இப்போதே உறுதியாகிவிட்டது. Δ பூச்சியமாக வந்திருந்தால் மேற்கொண்டு வகுக்கவே கூடாது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

## நிரலை மாற்றி மூன்று அணிக்கோவைகள்

Δx என்பது A-இன் முதல் நிரலை எடுத்துவிட்டு அங்கே b-ஐ வைத்தால் கிடைக்கும் அணிக்கோவை. Δy-க்கு இரண்டாம் நிரல், Δz-க்கு மூன்றாம் நிரல். ஒவ்வொரு முறையும் மூல அணியிலிருந்தே தொடங்க வேண்டும். Δx-க்கு மாற்றிய அணியை வைத்துக்கொண்டே Δy-க்குப் போனால் b இரண்டு நிரல்களில் உட்கார்ந்துவிடும். இரண்டு நிரல்கள் ஒன்றாக இருந்தால் அணிக்கோவை பூச்சியம். Δy எதிர்பாராமல் 0 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

```
     |  1   1  −1 |
Δx = | 13   3   2 | = 1(16) − 1(30) + (−1)(−59) = 45
     | 11  −2   4 |

     |  2   1  −1 |
Δy = |  1  13   2 | = 2(30) − 1(−2) + (−1)(−28) = 90
     |  3  11   4 |

     |  2   1   1 |
Δz = |  1   3  13 | = 2(59) − 1(−28) + 1(−11) = 135
     |  3  −2  11 |
```

x = 45/45 = 1, y = 90/45 = 2, z = 135/45 = 3. மூலச் சமன்பாடுகளில் வைத்துப் பார்த்தால் 2 + 2 − 3 = 1, 1 + 6 + 6 = 13, 3 − 4 + 12 = 11. மூன்றிலும் சரிபார்ப்பது அவசியம். Δ-வில் பிழை இருந்தால் பொதுவாக மூன்று மாறிகளுமே கெட்டுப்போகும். Δx-இல் மட்டும் பிழை இருந்தால் x மட்டும் கெடும். அப்போது x-இன் கெழு 0 ஆக உள்ள சமன்பாடு பொருந்திக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே ஒரு சமன்பாட்டைச் சரிபார்த்துத் திருப்திப்படக் கூடாது.

இந்த விகிதம் ஏன் சரியாக வருகிறது? A-இன் நிரல்களை a₁, a₂, a₃ என்று வைத்தால் தொகுப்பு சொல்வது b = x·a₁ + y·a₂ + z·a₃ என்பதே. Δx-இல் முதல் நிரலாக இந்த b இருக்கிறது. அதிலிருந்து இரண்டாம் நிரலின் y மடங்கையும் மூன்றாம் நிரலின் z மடங்கையும் கழித்தால் அணிக்கோவையின் மதிப்பு மாறாது. முதல் நிரலில் x·a₁ மட்டும் மிஞ்சும். x-ஐ வெளியே எடுத்தால் Δx = x·Δ. நிரூபணம் இவ்வளவுதான். ஜெனீவாவைச் சேர்ந்த காப்ரியேல் கிராமர் 1750-இல் இந்த விதியை வெளியிட்டார்.

## சேர்ப்பு அணி

இப்போது அதே A-வுக்கு ஒன்பது இணைக்காரணிகளையும் எழுதுவோம். ஓர் உறுப்பின் நிரை, நிரலை மறைத்தால் மிஞ்சுவது சிற்றணிக்கோவை. அதற்கு (−1)^(i+j) குறியைச் சேர்த்தால் இணைக்காரணி. முதல் நிரையின் மூன்றும் நமக்கு ஏற்கெனவே தெரியும்: Δ-வை விரித்தபோது வந்த 16, −2, −11 ஆகியவற்றில் நடுவிலுள்ளதற்குக் குறி மாறும். ஆகவே 16, 2, −11.

```
C₂₁ = −(1·4 − (−1)(−2)) = −2
C₂₂ = +(2·4 − (−1)·3)   = 11
C₂₃ = −(2·(−2) − 1·3)   = 7
C₃₁ = +(1·2 − (−1)·3)   = 5
C₃₂ = −(2·2 − (−1)·1)   = −5
C₃₃ = +(2·3 − 1·1)      = 5
```

இணைக்காரணிகளை அவற்றின் இடத்திலேயே வைத்து எழுதிய அணிக்கு நிரை நிரல் மாற்று எடுத்தால் சேர்ப்பு அணி:

```
        |  16  −2   5 |
adj A = |   2  11  −5 |
        | −11   7   5 |
```

இந்த இடத்தில் நின்று ஒரு சோதனை போட்டே ஆக வேண்டும். A-வை adj A-வால் பெருக்கினால் மூலைவிட்டத்தில் 45, மற்ற எல்லா இடத்திலும் 0 வர வேண்டும். ஒன்பது பெருக்கற்பலனையும் போட நேரமில்லை என்றால் A-இன் முதல் நிரையை மட்டுமாவது மூன்று நிரல்களோடும் பெருக்கிப் பாருங்கள்: 32 + 2 + 11 = 45; −4 + 11 − 7 = 0; 10 − 5 − 5 = 0. முதல் எண் Δ-வைத் திரும்பச் சோதிக்கிறது. மற்ற இரண்டு பூச்சியங்கள் இரண்டாம், மூன்றாம் நிரை இணைக்காரணிகளைச் சோதிக்கின்றன. குறி ஒன்று தவறியிருந்தாலும் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மாற்று எடுக்க மறப்பது இந்த முறையின் மிகப் பரவலான பிழை. மறந்தால் x-க்கு 16·1 + 2·13 − 11·11 = −79 வந்து, x = −79/45 என்று நிற்கும். முழு எண்களை எதிர்பார்த்த இடத்தில் இப்படி விகாரமான பின்னம் வந்தால் முதலில் சேர்ப்பு அணியின் முதல் நிரலைப் பாருங்கள். அதில் A-இன் முதல் நிரையின் இணைக்காரணிகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும்.

சேர்ப்பு அணியை Δ-வால் வகுத்தால் கிடைப்பதே A-இன் நேர்மாறு அணி. ஆகவே x, y, z நிற்கும் நிரலை X என்று வைத்தால் X = (1/Δ)·adj A·b. வகுத்தலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1/45-ஐ அணிக்குள் கொண்டுபோனால் ஒன்பது பின்னங்களைச் சுமக்க வேண்டிவரும்.

```
 16·1 −  2·13 + 5·11 =  16 −  26 + 55 =  45
  2·1 + 11·13 − 5·11 =   2 + 143 − 55 =  90
−11·1 +  7·13 + 5·11 = −11 +  91 + 55 = 135
```

45, 90, 135. அதாவது Δx, Δy, Δz. தற்செயல் இல்லை. Δx-ஐ முதல் நிரையில் விரித்தோம். அதையே b உட்கார்ந்திருக்கும் முதல் நிரல் வழியாக விரித்துப் பாருங்கள். 1·C₁₁ + 13·C₂₁ + 11·C₃₁ கிடைக்கும். இது சேர்ப்பு அணியின் முதல் நிரையை b-யோடு பெருக்கியதேதான். கிராமர் விதி சேர்ப்பு அணியை நிரை நிரையாகத் தேவைக்கு மட்டும் கட்டுகிறது. சேர்ப்பு அணி முறை முழுவதையும் முன்கூட்டியே கட்டி வைக்கிறது.

தேர்வு இதிலிருந்தே வருகிறது. ஒரு மாறி மட்டும் தேவை என்றால் கிராமர். A மாறாமல் b மட்டும் திரும்பத் திரும்ப மாறினால் சேர்ப்பு அணி. நமது தொகுப்பின் வலப்பக்கம் 2, 6, 5 என்று மாறினால் புதிதாக எந்த அணிக்கோவையும் வேண்டாம்: 32 − 12 + 25 = 45, 4 + 66 − 25 = 45, −22 + 42 + 25 = 45. விடை (1, 1, 1).

## Δ பூச்சியமானால்

Δ = 0 என்று வந்து, Δx, Δy, Δz-இல் ஒன்றாவது பூச்சியமற்று இருந்தால் தீர்வே இல்லை. x·Δ = Δx என்ற உறவு 0 = பூச்சியமற்ற எண் என்று கேட்கிறது; அது நடக்காது.

நான்குமே பூச்சியமானால் உடனே எண்ணற்ற தீர்வுகள் என்று எழுதிவிடுவது பெரிய பொறி. இரண்டு மாறிகளில், ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஒரு கெழுவாவது பூச்சியமற்று இருக்கும்வரை, அது சரி. மூன்று மாறிகளில் சரியில்லை.

```
x + y + z = 1
x + y + z = 2
x + y + z = 3
```

இங்கே எந்த அணிக்கோவையை எடுத்தாலும் குறைந்தது இரண்டு நிரல்கள் ஒன்றாக இருக்கும். ஆகவே நான்கும் 0. ஆனால் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையான தளங்கள், தீர்வு கிடையாது. சேர்ப்பு அணியும் இங்கே முழுக்கப் பூச்சிய அணியாகிவிடுவதால் அதனிடமிருந்தும் தகவல் வராது. நான்கும் பூச்சியம் என்றால் அணிக்கோவைகளை மூடி வைத்துவிட்டு, விரிவுபடுத்தப்பட்ட அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து தரத்தை ஒப்பிடுவதுதான் நேர்வழி.

## இந்த முறை உண்மையிலேயே சிறக்கும் இடம்

எண்களுக்குப் பதிலாக எழுத்து ஒன்று கெழுவாக இருக்கும்போது அணிக்கோவை விகிதத்துக்கு ஈடு கிடையாது. நமது தொகுப்பில் மூன்றாவது சமன்பாட்டின் 4-ஐ k என்று மாற்றி, z மட்டும் கேட்கப்படுகிறது என்று வையுங்கள்.

Δ-வை மூன்றாம் நிரையில் விரிக்கலாம். அந்த நிரையின் இணைக்காரணிகளில் k வராது. 3·5 + (−2)(−5) + k·5 = 25 + 5k. Δz-இல் மூன்றாம் நிரல் முழுவதையும் b பிடித்துக்கொள்வதால் அங்கேயும் k இல்லை. அது 135 தான். ஆகவே

```
z = 135 / (25 + 5k) = 27 / (k + 5)
```

k = 4 என்றால் 3, முன்பு வந்த அதே விடை. k = −5 என்றால் Δ = 0, Δz = 135; தீர்வு இல்லை. k கூடக்கூட z எப்படிக் குறைகிறது என்பதும் அந்த ஒரே வரியில் தெரிகிறது. நீக்கல் முறையிலும் இதற்கு வரலாம். ஆனால் எழுத்துக் கெழுக்கள் கூடினால், ஒவ்வொரு படியிலும் எதனால் வகுக்கிறோமோ அது பூச்சியமாகும் நிலையைத் தனியாகப் பிரித்துப் பிரித்து எழுத வேண்டிவரும். அணிக்கோவையில் அந்தக் கேள்வி Δ-விடம் ஒரே ஒரு தடவை எழுகிறது.

## வீணாகத் தொடங்கும் இடம்

எண்கள் மட்டுமே உள்ள தொகுப்பில் கதை வேறு. அதே மூன்று சமன்பாடுகளை நீக்கல் முறையில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது சமன்பாட்டை மேலே கொண்டுவந்து, அதன் 2 மடங்கையும் 3 மடங்கையும் மற்ற இரண்டிலிருந்து கழித்தால்:

```
x + 3y +  2z =  13
   −5y −  5z = −25    →  y + z = 5
  −11y −  2z = −28
```

y + z = 5-இன் 11 மடங்கைக் கடைசிச் சமன்பாட்டோடு கூட்டினால் 9z = 27. z = 3, y = 2, x = 13 − 6 − 6 = 1. முடிந்தது. அரைப்பக்கம் கூட ஆகவில்லை.

வேலையை எண்ணியே பார்க்கலாம். 3×3 அணிக்கோவையை விரிக்க மூன்று சிற்றணிக்கோவைகளுக்கு 6 பெருக்கல், வெளியே 3, மொத்தம் 9. நான்கு அணிக்கோவைகளுக்கு 36, கடைசியில் 3 வகுத்தல், ஆக 39. சேர்ப்பு அணி சிற்றணிக்கோவைகளைப் பகிர்ந்துகொள்வதால் 33-இல் முடியும். நீக்கல் முறைக்குப் பொது வழியில் போனாலே 17 போதும். மாறிகள் கூடும்போது இடைவெளி இப்படி விரிகிறது (பெருக்கலும் வகுத்தலும் சேர்த்து):

| மாறிகள் | விரித்துப் போடும் கிராமர் | நீக்கல் முறை |
|---|---|---|
| 2 | 8 | 6 |
| 3 | 39 | 17 |
| 4 | 204 | 36 |
| 5 | 1,235 | 65 |
| 10 | 6,85,88,310 | 430 |

காரணம் எளிது. n மாறிகளின் அணிக்கோவையை விரித்தால் n! உறுப்புகள் வருகின்றன, நீக்கல் முறையின் வேலை ஏறத்தாழ n³/3 என்ற அளவில்தான் வளர்கிறது. 20 மாறிகளுக்கு, நொடிக்கு நூறு கோடிப் பெருக்கல் செய்யும் கணினியில் விரித்துப் போட்டால் 2,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீக்கல் முறைக்கு 3,060 செயல்கள் போதும்.

அணிக்கோவையையே நிரைச் செயல்களால் கண்டுபிடித்தால் என்ன என்று கேட்கலாம். 10 மாறிகளுக்கு அப்போது ஓர் அணிக்கோவைக்கு 339 செயல்கள். பதினொன்றுக்கும் பத்து வகுத்தலுக்கும் சேர்த்து 3,739. பெரும் முன்னேற்றம்தான். ஆனால் முதல் அணிக்கோவையை முக்கோண வடிவத்துக்குக் கொண்டுவந்தபோதே b-ஐயும் கூடவே இழுத்துவந்திருந்தால் 430-இல் எல்லா மாறிகளும் கிடைத்திருக்கும். மிச்சமுள்ள பத்து அணிக்கோவைகளும் செய்த வேலையைத் திரும்பச் செய்வதுதான்.

கையால் போடுகிறவர்களுக்கு 4×4-இல் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 3×3-க்குப் பயன்படும் சாரஸ் குறுக்குவழியை அங்கே நீட்டினால் 8 உறுப்புகள்தான் வரும், வேண்டியவையோ 24. வரும் எண் பார்க்க விடை மாதிரியே இருக்கும், ஆனால் தவறு. 4×4-ஐ அணிக்கோவையால் போடுவது, ஒரு நிரையிலோ நிரலிலோ இரண்டு மூன்று பூச்சியங்கள் இருந்தால் மட்டும் தகும்.

## தசமங்களைச் சுருக்கும்போது

```
0.99x + 0.98y = 1.97
0.98x + 0.97y = 1.95
```

இதன் சரியான விடை (1, 1). Δ = 0.9603 − 0.9604 = −0.0001. பெருக்கற்பலன்களை மூன்று தசம இடத்துக்குச் சுருக்கிக்கொண்டு போனால் Δ = 0.960 − 0.960 = 0. Δx = 1.911 − 1.911 = 0. Δy-இலும் 1.9305-ஐயும் 1.9306-ஐயும் சுருக்கினால் இரண்டுமே 1.931, கழித்தால் 0. எண்ணற்ற தீர்வுகள் என்ற முழுத் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முக்கிய இலக்கங்கள் அத்தனையும் அழிந்துபோவதே காரணம். கிராமர் விதி இந்த வகைக் கழித்தலையே நம்பி நிற்கிறது.

தீர்வு: இரு பக்கமும் 100-ஆல் பெருக்கி 99, 98, 197, 98, 97, 195 என்று முழு எண்களாக்குங்கள். Δ = 9603 − 9604 = −1, Δx = −1, Δy = −1. துளியும் பிழையில்லை. முழு எண்களிலும் பின்னங்களிலும் இந்த முறை நம்பகமானது. சுருக்கப்பட்ட தசமங்களில் ஆபத்தானது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். மேலே 1.95 என்பது அளந்து பெற்ற எண்ணாக இருந்து, உண்மையில் 1.96 ஆக இருந்தால் விடை (99, −98) ஆகிவிடும். இது முறையின் குறை இல்லை. கோடுகள் கிட்டத்தட்ட இணையாக இருப்பதால் தொகுப்பே அப்படி ஆடுகிறது. நீக்கல் முறையும் அதே விடையைத்தான் தரும். Δ சிறியதாக இருப்பது மட்டும் இதற்கு அடையாளம் ஆகாது. 10 மாறிகளில் மூலைவிட்டத்தில் 0.1, மற்ற இடங்களில் 0 என்றால் Δ = 10⁻¹⁰; ஆனால் அந்தத் தொகுப்பு மிகவும் ஒழுங்கானது. Δ-வைக் கெழுக்களின் பெருக்கற்பலன்களோடு ஒப்பிட வேண்டும். இங்கே 0.96 அளவிலான இரண்டு எண்களின் வித்தியாசம் 0.0001 என்பதே எச்சரிக்கை.

கணினியில் போடுவதானால் அணிக்கோவையும் வேண்டாம், நேர்மாறு அணியும் வேண்டாம்:

```python
import numpy as np
A = np.array([[2, 1, -1], [1, 3, 2], [3, -2, 4]])
b = np.array([1, 13, 11])
print(np.linalg.solve(A, b))
```

`solve` உள்ளே நிரைகளை இடம் மாற்றி மாற்றி நீக்கல் முறையைத்தான் செய்கிறது. `np.linalg.inv(A) @ b` என்று எழுதினாலும் விடை வரும், ஆனால் நேர்மாறு முழுவதையும் கட்டுவதால் வேலை கூடுகிறது, சுருக்கப் பிழைக்கும் கூடுதல் இடம் கிடைக்கிறது. பல b-க்கள் இருந்தால் அவற்றை நிரல்களாக அடுக்கி ஒரே அணியாக `solve`-க்குக் கொடுத்துவிடலாம். நீக்கல் ஒருமுறைதான் நடக்கும்.